போல்ட்டுக்கு 22, கிப்சோகேவுக்கு 37: கடிதமும் பதிலும்

வணக்கம்.

என் தம்பி கல்லூரி நாட்களிலிருந்து 100 மீட்டர் ஓடுகிறான். வயது 27. மூன்று வருடமாக அவன் நேரம் குறையவே இல்லை. "உனக்கு வேகம் போயிடுச்சு, மாரத்தானுக்கு மாறிடு, அதுக்கு இதுதான் சரியான வயசு" என்கிறார் கோச். உசைன் போல்ட் 22 வயதில் ஓடிய நேரத்தை அவராலேயே மறுபடி தொட முடியவில்லை. கென்யாவின் கிப்சோகே 37 வயதில் மாரத்தானில் உலக சாதனை செய்தார். இரண்டுமே ஓட்டம்தானே, ஏன் இவ்வளவு வித்தியாசம்? தம்பி மாறலாமா?

ச.கு., திண்டுக்கல்

அன்புள்ள ச.கு.,

மாற வேண்டாம் என்றுதான் சொல்வேன். வேகம் வற்றிப்போன பிறகு ஒருவர் போய்ச் சேரும் இடம் அல்ல மாரத்தான். அது வேறு உடலைக் கேட்கும் போட்டி.

100 மீட்டரில் முழு வேகத்தில் ஓடும்போது, ஒவ்வொரு அடியிலும் கால் தரையில் இருப்பது ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. அந்த நேரத்துக்குள் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசையைத் தரையில் இறக்கியாக வேண்டும். இதைச் செய்வது விரைவாகச் சுருங்கும் தசையிழைகளும் அவற்றை இயக்கும் நரம்புகளும். வயது ஏறும்போது உடல் முதலில் இழப்பது இவற்றைத்தான். மூத்தோர் தடகளத்தில் ஓடுபவர்களை அளந்து பார்த்தபோது, விநாடிக்கு எத்தனை அடி வைக்கிறார்கள் என்பது பெரிதாக மாறவில்லை. கால் தரையில் தங்கும் நேரம் கூடியிருந்தது, அடியின் நீளம் குறைந்திருந்தது. கால் பழைய சுறுசுறுப்போடுதான் சுழல்கிறது, ஆனால் தரையை உதைக்கும் பலம் குறைந்துவிடுகிறது.

தொடக்கத்தில் இந்த இழப்பு மிகச் சிறியது. அந்தச் சிறிய இழப்பையும் 100 மீட்டர் மன்னிப்பதில்லை என்பதுதான் சிக்கல். போல்ட் 2009இல் பெர்லினில் 9.58 ஓடியபோது அவருக்கு 23 நிறைய ஐந்து நாட்கள் இருந்தன. 2017இல் லண்டனில், 31ஐ நெருங்கும்போது, இறுதிப் போட்டியில் 9.95. எட்டு ஆண்டில் அவர் இழந்தது நான்கு சதவீதத்துக்கும் குறைவு. அன்று தங்கம் வென்ற கேட்லின் ஓடியது 9.92. ஒரு விநாடியில் நூறில் மூன்று பங்கு போல்ட்டை வெண்கலத்துக்கு இறக்கிவிட்டது. இழந்ததை ஈடுகட்டப் புதிதாகக் கற்றுக்கொள்ள அந்தத் தூரத்தில் அதிகம் இல்லை. பிளாக்கிலிருந்து கிளம்புவது, படிப்படியாக நிமிர்வது, கடைசி 30 மீட்டரில் தோள் இறுகாமல் ஓடுவது போன்றவை சில ஆண்டுகளில் கைவந்துவிடும்.

மாரத்தானில் கணக்கு வேறு. அங்கே பெரும்பாலும் ஆக்சிஜனைக் கொண்டே ஓட்டம் நடக்கிறது. உடல் நிமிடத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜன் எடுக்க முடியும் என்பது இருபதுகளிலேயே உச்சத்தைத் தொட்டுவிடும். அதன்பின் பயிற்சியால் அதைக் காப்பாற்றலாம், பெரிதாகக் கூட்ட முடியாது. அப்படியிருக்க முப்பதுகளில் வேகம் எங்கிருந்து வருகிறது?

இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான பதில் பிரிட்டனின் பவுலா ராட்கிளிஃப். 18 வயதில் உலக ஜூனியர் கிராஸ் கன்ட்ரி பட்டம் வென்ற அவரை, உடலியல் ஆய்வாளர் ஆண்ட்ரூ ஜோன்ஸ் பத்தாண்டுக்கு மேல் டிரெட்மில்லில் வைத்துத் தொடர்ந்து அளந்தார். அதிகபட்ச ஆக்சிஜன் அளவு 1992இலும் 2003இலும் ஏறக்குறைய ஒன்றே: கிலோ எடைக்கு நிமிடத்துக்குச் சுமார் 70 மில்லிலிட்டர். மாறியது செலவு. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கிலோமீட்டர் ஓட, 1992இல் கிலோ எடைக்கு 205 மில்லிலிட்டர் ஆக்சிஜன் தேவைப்பட்டது. 2003இல் 175 போதுமானதாக இருந்தது. ஏறத்தாழ 15 சதவீதச் சிக்கனம். அந்த ஆண்டுதான், 29 வயதில், லண்டன் மாரத்தானை 2:15:25இல் ஓடி உலக சாதனை செய்தார்.

அந்த 15 சதவீதம் எந்த ஒரு வருடத்திலும் மொத்தமாக வரவில்லை. கால்களின் பலமும் தசைநாண்களின் விறைப்பும் கூடியது அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய கால்களில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, இழைகள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கூடுகிறது. இவை எல்லாம் மெதுவாகச் சேர்பவை. இருபதுகளின் பிற்பகுதியில் இழப்பு தொடங்கினாலும், சேர்மானம் அதைவிட அதிகமாக இருக்கும்வரை நேரம் குறைந்துகொண்டே போகும். ஸ்பிரிண்டருக்கு இழப்பு சேர்மானத்தைச் சீக்கிரமே தாண்டிவிடுகிறது. உச்ச வயது என்பது இந்த இரண்டும் சந்திக்கும் இடம்தான். மற்ற விளையாட்டுகளையும் இதே கண்ணால் பார்க்கலாம். 1976இல் நாடியா கொமனேச்சி 14 வயதில் ஜிம்னாஸ்டிக்ஸில் முழுப் பத்து வாங்கினார். 1920இல் ஸ்வீடனின் ஆஸ்கர் ஸ்வான் 72 வயதில் துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் வெள்ளி வென்றார்.

ஆனால் கிப்சோகேவின் 37ஐ முழுவதும் உடலின் கணக்கில் எழுதக் கூடாது. அவர் 2003இல், 18 வயதில், 5000 மீட்டர் உலக சாம்பியன். அதன்பின் சுமார் பத்து ஆண்டு தடகள மைதானத்திலேயே ஓடினார். 2012 ஒலிம்பிக்குக்கான கென்ய அணியில் இடம் கிடைக்காமல் போனதும்தான் சாலைக்கு வந்தார். முதல் மாரத்தான் 2013இல், 28 வயதில். அந்தத் தலைமுறையில் மைதானத்தில் ஓடி முடித்து மாரத்தானுக்கு வருவதே வழக்கம் என்பதால் உச்ச வயதும் தள்ளிப் போனது. கெல்வின் கிப்டம் அந்த வரிசையைப் பின்பற்றவில்லை. இளம் வயதிலேயே நேராகச் சாலை ஓட்டத்துக்கு வந்தார். 2023இல் சிகாகோவில் 2:00:35 ஓடி கிப்சோகேவின் சாதனையை முறியடித்தபோது வயது 23. அடுத்த பிப்ரவரியில் கார் விபத்தில் இறந்துபோனார். முப்பதில் அவர் என்ன ஓடியிருப்பார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். ஸ்பிரிண்டரின் தசை பெரும்பாலும் பிறவியில் அமைவது. நீண்ட தூரப் பயிற்சி வேக இழைகளின் தாங்குதிறனைக் கொஞ்சம் கூட்டும். அவனை மாரத்தான்காரனாக மாற்றிவிடாது. ராட்கிளிஃப் பத்தாண்டுக்கு மேல் சேர்த்ததை இவன் 27இல் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். மாறியே ஆக வேண்டுமென்றால் 200 அல்லது 400 மீட்டரை யோசிக்கலாம்.

அதற்கு முன், வேகம் உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். உலகத் தர ஆடவர்களின் சிறந்த 100 மீட்டர் ஓட்டங்களே பெரும்பாலும் 25, 26 வயதை ஒட்டி வருகின்றன. அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் சரிவு மெதுவாகவே இருக்கும். ஜமைக்காவின் ஷெல்லி-ஆன் ஃப்ரேசர்-பிரைஸ், குழந்தை பெற்ற பிறகு, 34 வயதில் தன் வாழ்நாளின் சிறந்த நேரமான 10.60ஐ ஓடினார். ஆகவே முதலில் தம்பியின் பழைய நேரங்களைச் சரிபாருங்கள். ஸ்டாப்வாட்ச்சை அழுத்தி எடுத்த நேரம், மின்னணு நேரத்தைவிட ஏறக்குறைய கால் விநாடி குறைவாகக் காட்டும். பின்காற்று விநாடிக்கு 2 மீட்டர் இருந்தால் இன்னொரு பத்தில் ஒரு பங்கு விநாடி குறையும். மூன்று வருடத் தேக்கம் என்பது சில சமயம் இவ்வளவுதான்.

அடுத்து, 30 மீட்டர் ஓடி வேகமெடுத்து, அதற்கடுத்த 30 மீட்டருக்கு மட்டும் நேரம் எடுக்கச் சொல்லுங்கள். எப்போதும் அதே மைதானம், அதே ஸ்பைக்ஸ், அதே கருவி. மாதம் ஒருமுறை எடுத்தால் போதும். இது நிலையாக இருந்து 100 மீட்டர் நேரம் மட்டும் மோசமானால் குறை கிளம்புவதிலோ கடைசிப் பகுதியிலோ இருக்கிறது. இரண்டையும் பயிற்சியில் சரிசெய்யலாம். இதுவே மெதுவாகிக்கொண்டு போனால், போனின் ஸ்லோ மோஷனில் விநாடிக்கு 240 ஃபிரேம் வைத்துப் பக்கவாட்டில் படம் எடுங்கள். பாதம் தரையைத் தொட்டதிலிருந்து விரல் நுனி எழும்வரை ஃபிரேம்களை எண்ணுங்கள். 24 ஃபிரேம் என்றால் பத்தில் ஒரு பங்கு விநாடி. ஒரு காலில் மட்டும் எண்ணிக்கை கூடினால், அந்தத் தொடையின் பின்பக்கத் தசையில் பழைய காயம் ஏதும் இருக்கிறதா என்று பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். காயமும் இல்லாமல், ஒழுங்கான பயிற்சியும் இருந்து, இரண்டு காலிலும் ஒரு சீசன் முழுக்க எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், அப்போது கோச் சொல்வதை வயதின் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.