ஹோட்டல் கைமாறும்போது ஊழியர்களுக்கும் விருந்தினர்களுக்கும் அறிவிப்பு எழுதுவது எப்படி?

கேள்வி: கொடைக்கானலில் எங்கள் 48 அறை ஹோட்டலை விற்கிறோம். ஜூலை 1 முதல் புது ஓனர். ஊழியர்களுக்கும், ஏற்கெனவே அட்வான்ஸ் கட்டிப் புக் செய்தவர்களுக்கும் அறிவிப்பு எழுத வேண்டும். "வேலை போகாது, புக்கிங் போகாது" என்று எப்படி எழுதினால் நம்புவார்கள்?

பதில்:

எழுத உட்காரும் முன் விற்பனை ஒப்பந்தத்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பில் நீங்கள் தரும் ஒவ்வொரு உறுதிக்கும் அதில் ஒரு பிரிவு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வரியை எழுதாதீர்கள், அல்லது கையெழுத்தாகும் முன் அந்தப் பிரிவைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஜூலை 1-க்குப் பிறகு அந்த உறுதியைக் காப்பாற்ற வேண்டியவர் வாங்குபவர். அதனால் அறிவிப்பின் கீழே இருவர் கையெழுத்தும் வேண்டும். விற்பவர் மட்டும் கையெழுத்துப் போட்ட கடிதத்தைச் சமையலறையில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். நம்பாததில் தப்பும் இல்லை.

அடுத்து, விற்பது எது என்று பாருங்கள். ஹோட்டலை நடத்துவது ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி, அதன் பங்குகள்தான் கைமாறுகின்றன என்றால் உங்கள் வேலை எளிது. முதலாளி அதே கம்பெனிதான், ஜி.எஸ்.டி. எண் அதேதான், வங்கிக் கணக்கும் அதேதான். அறிவிப்பு அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். கட்டடத்தையும் தொழிலையும் வேறொரு நிறுவனம் வாங்குகிறது என்றால் சட்டப்படி முதலாளியே மாறுகிறார். சின்ன ஹோட்டல்களில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும் என்பதால் இதையே எடுத்துக்கொள்கிறேன்.

ஊழியர்களுக்கு

இங்கே முக்கியமான சொல் "பணித்தொடர்ச்சி". தொழில் கைமாறும்போது மூன்று நிபந்தனைகள் நிறைவேறினால், தொழிலாளிக்கு இழப்பீடு கொடுக்காமலே அவரைப் புது முதலாளியிடம் தொடரச் செய்யலாம். பணி இடையில் முறியக்கூடாது. புது முதலாளியிடம் சம்பளமும் நிபந்தனைகளும் பழையதைவிடக் குறையக்கூடாது. பின்னால் ஆட்குறைப்பு வந்தால், பழைய வருடங்களையும் சேர்த்துக் கணக்கிட்டே புது முதலாளி இழப்பீடு தர வேண்டும். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 25எஃப்எஃப் பிரிவாக இருந்த இந்தப் பாதுகாப்பு, 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பிலும் தொடர்கிறது. உங்கள் கடிதத்தின் நடுப்பகுதி இந்த மூன்றையும் எளிய தமிழில் சொன்னாலே போதும்.

பெரும்பாலும் கோளாறு நடப்பது வேறு இடத்தில். கணக்கர் யாராவது, "எல்லாரிடமும் ராஜினாமா கடிதம் வாங்கிவிட்டு, ஜூலை 1 தேதியிட்டுப் புது நியமனக் கடிதம் கொடுத்துவிடலாம், பைல் சுத்தமாக இருக்கும்" என்பார். பைல் சுத்தமாகிவிடும், ஊழியரின் பழைய சர்வீஸும் அதோடு துடைத்துப் போய்விடும். மூன்றரை வருடம் வேலை பார்த்த நிரந்தர ரூம் பாய்க்குப் பணிக்கொடை பெற இன்னும் ஒன்றரை வருடம்தான் பாக்கி. ராஜினாமா எழுதிக் கொடுத்த அன்றே அவருடைய ஐந்து வருடக் கணக்கு மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். ஆகவே அறிவிப்பிலேயே ஒரு வரி சேருங்கள்: "யாரும் ராஜினாமா கடிதம் தர வேண்டியதில்லை. அப்படி யாராவது கேட்டால் மேலாளரிடம் சொல்லுங்கள்."

பணிக்கொடையை யார் தருவார் என்பதையும் தெளிவாக எழுதுங்கள். ஒரு தலைமைச் சமையல்காரர் 11 வருடம் 4 மாதம் வேலை பார்த்திருக்கிறார், அவருடைய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் ரூ.18,200 என்று வையுங்கள். 18,200-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 700. 15 நாளுக்கு 10,500. நான்கு மாதம் என்பது ஆறு மாதத்துக்குக் குறைவு என்பதால் 11 வருடத்துக்கே கணக்கு: ரூ.1,15,500. இதே போல ஒவ்வொருவருக்கும் ஜூன் 30 வரை கணக்குப் போட்டு, மொத்தத் தொகையை விற்பனை விலையிலிருந்து கழித்துக்கொண்டு அந்தப் பொறுப்பை வாங்குபவர் ஏற்பதுதான் நல்ல வழி. ஐந்து வருடம் முடிக்காதவர்களையும் அந்தப் பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள். இன்று அவர்களுக்குப் பாக்கி எதுவும் இல்லை, நாளை வாங்குபவர் தலையில் விழும். விலை பேசும்போது இதை விட்டுவிட்டால், பிறகு அந்த வருடங்களை ஒப்புக்கொள்ள அவர் தயங்குவார்.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. பற்றிய பயத்துக்குப் பதில் சுலபம். ஊழியரின் யு.ஏ.என். எண்ணும் இ.எஸ்.ஐ. எண்ணும் மாறாது, நிறுவனத்தின் குறியீடு மட்டுமே மாறும். ஜூன் மாதத் தொகையை விற்பவர் ஜூலை 15-க்குள் கட்ட வேண்டும். அந்தத் தேதியைக் கடிதத்தில் போடுங்கள். சரிபார்க்கக்கூடிய ஒரு தேதியைப் பார்த்தால் ஊழியருக்குக் கடிதத்தின் மற்ற வரிகள் மீதும் நம்பிக்கை வரும்.

எழுதக்கூடாதது எது என்றால், "யாரையும் எப்போதும் நீக்க மாட்டோம்", "எதுவும் மாறாது" என்ற இரண்டும்தான். முதல் வாக்கைக் காப்பாற்ற முடியாது. இரண்டாவது, புது யூனிஃபார்ம் வந்த அன்றே பொய்யாகிவிடும். அதற்குப் பதிலாகக் காலம் குறித்துச் சொல்லுங்கள்:

> சுற்றி வளைக்காமல் நேராகவே சொல்கிறோம். ஜூலை 1 முதல் நம் ஹோட்டலின் உரிமையாளர் மாறுகிறார். ஜூன் 30 அன்று சம்பளப் பட்டியலில் இருக்கும் அனைவரும் அதே பதவி, அதே சம்பளத்தில் தொடர்கிறீர்கள். நீங்கள் முதலில் சேர்ந்த தேதியே உங்கள் பணித் தேதி. ஜூன் சம்பளத்தைப் பழைய நிர்வாகம் தரும், ஜூலை முதல் புது நிர்வாகம் தரும். மீதமுள்ள விடுப்பு நாட்கள் அப்படியே கணக்கில் ஏறும். அடுத்த 12 மாதத்துக்கு ஆட்குறைப்பு இல்லை என்று விற்பனை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறோம். ஷிப்டு நேரமும் யூனிஃபார்மும் மாறலாம். மாறினால் 21 நாள் முன்னதாகச் சொல்வோம்.

(முதல் வரியை ஊரின் பேச்சுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். 12 மாதம் என்பது உதாரணமே. உங்கள் ஒப்பந்தத்தில் எது இருக்கிறதோ அதை எழுதுங்கள்.)

இந்த வரிகள் யாருக்குப் பொருந்தாது என்பதையும் மறைக்காதீர்கள். மேலாளர் நிலையில் இருப்பவர்கள் சட்டம் சொல்லும் 'தொழிலாளி'க்குள் வரமாட்டார்கள். அவர்களுக்கான பாதுகாப்பு ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் மட்டுமே உண்டு, அவர்களிடம் தனித்தனியாகப் பேசுங்கள். செக்யூரிட்டி, சலவை, துப்புரவு வேலைக்குக் கான்ட்ராக்டர் வழியாக வருபவர்களுக்கு முதலாளி அந்தக் கான்ட்ராக்டர்தான். "அனைவரும் தொடர்கிறீர்கள்" என்று பொதுவாக எழுதிவிட்டு, அடுத்த மாதம் அந்தக் கான்ட்ராக்டை நிறுத்தினால் மீதி ஊழியர்களும் உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போடுவார்கள்.

சொல்லும் முறையில் ஒன்றே ஒன்று: ஷிப்டு வாரியாக, ஒரே நாளில், நேரில். காலை ஷிப்டுக்கு முடித்து, மதியம் வருபவர்களுக்கும் சொல்லி, இரவு ஷிப்டை மறந்துவிடுவது வழக்கமான தவறு. ரிசப்ஷனில் இரவு இருப்பவர்தான் விருந்தினர் போனை எடுக்கிறார். அவருக்கு விஷயம் வாட்ஸாப் வழியாக, திரிந்து போய்ச் சேரும்.

விருந்தினர்களுக்கு

ஊழியர்களுக்குச் சொன்ன பிறகுதான் விருந்தினர்களுக்குச் சொல்ல வேண்டும், அதுவும் எல்லாருக்கும் அல்ல. ஜூலை 1-க்குப் பிறகு தங்கப்போகிறவர்கள், மண்டபம் புக் செய்தவர்கள், பரிசுக் கூப்பன் வைத்திருப்பவர்கள், இந்தப் பட்டியலை ரிசப்ஷன் மென்பொருளிலிருந்து எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று விவரம் வேண்டும்: கட்டிய அட்வான்ஸ், எந்த வழியில் கட்டினார், பேசிய வாடகை. இந்தப் பட்டியலில் இருவரும் கையெழுத்திட்டு விற்பனை ஒப்பந்தத்தோடு இணையுங்கள். அட்வான்ஸ் மொத்தம் ரூ.9 லட்சம் என்றால், அந்தப் பணம் விற்பவர் கணக்கில் இருக்கிறது, அறையைத் தரப்போவது வாங்குபவர். அந்த 9 லட்சத்தை விலையில் கழிக்காவிட்டால், தீபாவளிக்கு வந்து நிற்கும் குடும்பத்திடம் "அந்தப் பணம் எங்களுக்கு வரவில்லையே" என்று ரிசப்ஷன் சொல்லும் நிலை வரும். கூப்பன் விஷயத்தில் இது இன்னும் அதிகம், ஏனென்றால் அவை பெரும்பாலும் எந்தக் கணினியிலும் இருக்காது, பழைய பில் புத்தகத்தின் அடிக்கட்டையில்தான் இருக்கும்.

விருந்தினர் கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்:

> உங்கள் புக்கிங் எண், தேதி, அறை வகை, வாடகை, ரத்து விதிகள் எதுவும் மாறவில்லை. நீங்கள் கட்டிய ரூ.____ முழுவதும் புது நிர்வாகத்தின் கணக்கில் ஏற்கப்பட்டிருக்கிறது. உரிமையாளர் மாற்றத்தைச் சொல்லி உங்களிடம் மறுபடி பணமோ, கார்டு எண்ணோ, ஓ.டி.பி.யோ நாங்கள் கேட்க மாட்டோம். அப்படி யாராவது கேட்டால், நீங்கள் புக் செய்தபோது பேசிய அதே ரிசப்ஷன் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். ஜூலை 1 முதல் பில் புதிய ஜி.எஸ்.டி. எண்ணில் வரும்.

ஓ.டி.பி. வரியை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். "ஹோட்டல் கைமாறிவிட்டது, பழைய கணக்கு முடங்கிவிட்டது, புதுக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்ற செய்தி ஏமாற்றுக்காரனுக்கு மிகவும் வசதியானது, உங்கள் அறிவிப்பே அதற்கு உண்மைச் சாயல் கொடுத்துவிடும். இதனாலேயே தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சல் முகவரியையும் கைமாறும் மாதத்தில் மாற்றாமல் இருப்பது நல்லது.

ஜி.எஸ்.டி. எண் பற்றிய கடைசி வாக்கியம் கம்பெனி செலவில் வருபவர்களுக்காக. ஜூன் 30 செக்-இன் செய்து ஜூலை 2 காலி செய்பவருக்கு இரண்டு பில் வரும், 30-ஆம் தேதி இரவுக்குப் பழைய எண்ணிலும் 1-ஆம் தேதி இரவுக்குப் புது எண்ணிலும். காலி செய்யும்போது இதைச் சொன்னால் கவுன்டரில் சண்டை நிச்சயம், செக்-இன் போதே சொல்லுங்கள். சீசன் ஓய்ந்த ஜூலை தொடக்கத்தை நீங்கள் தேர்ந்தெடுத்தது இதற்கும் வசதி, அன்று இரவு பிரிக்க வேண்டிய பில்கள் குறைவாகவே இருக்கும்.

பார் இருந்தால் அதைப் பற்றி மட்டும் கடிதத்தில் வாக்குக் கொடுக்காதீர்கள். மது உரிமம் விற்பனைப் பத்திரத்தோடு தானாகக் கைமாறாது. அரசு அனுமதி வரும்வரை பார் பூட்டியிருக்கலாம். பார் உண்டு என்று நம்பி விருந்து புக் செய்தவர்களுக்குப் பொதுக் கடிதம் போதாது, மேலாளரே போன் செய்து நிலவரத்தைச் சொல்லி, வேண்டுமானால் முழுப் பணத்தையும் திருப்பித் தரட்டும்.

புக்கிங் தளங்கள் வழியாக வந்தவர்களுக்கு அந்தத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே எழுதுங்கள். அதோடு, ஜூலை 1-க்கு முன்பே அந்தத் தளங்களில் வங்கிக் கணக்கு, பான், ஜி.எஸ்.டி. எண் மூன்றையும் மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். சரிபார்ப்பு முடியும்வரை ஜூலை வாடகை பழைய ஓனர் கணக்கிலேயே போய் விழும். அதை எத்தனை நாளுக்குள் அவர் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக இருக்கட்டும்.