22 மி.மீ. நீர்க்கட்டியை ஏன் எழுதுகிறோம்

கேள்வி: பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க அல்ட்ராசவுண்ட் எடுத்தேன். கல் இல்லை. ஆனால் வலது சிறுநீரகத்தில் 22 மி.மீ. சாதாரண நீர்க்கட்டி என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறார்கள். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் செய்ய வேண்டாம் என்கிறார். ஒன்றும் செய்ய வேண்டாம் என்றால் எதற்காக எழுதிப் பயமுறுத்த வேண்டும்? எனக்கு வயது 52.

பதில்:

அந்த வரியைத் தினமும் எழுதுகிறவன் நான், ரேடியாலஜிஸ்ட். உங்கள் டாக்டர் சொன்னது சரி. ஐம்பதைக் கடந்தவர்களின் சிறுநீரகத்தில் இப்படி ஒரு நீர்க்கட்டியைப் பார்க்காமல் எனக்கு ஒரு நாள் போவது அபூர்வம்.

"சாதாரண" என்ற சொல்லை நாங்கள் ஆறுதலுக்காகப் போடுவதில்லை. அல்ட்ராசவுண்டில் மூன்று அடையாளங்கள் ஒன்றாகத் தெரிந்தால்தான் அப்படி எழுதலாம். கட்டியின் உள்ளே புள்ளிகூட இல்லாமல் முழுக் கறுப்பாக இருக்க வேண்டும். சுவர் மெல்லியதாக, வழவழப்பாக இருக்க வேண்டும். கட்டிக்குப் பின்னால் இருக்கும் பகுதி சுற்றுப்புறத்தைவிட வெளிச்சமாகத் தெரிய வேண்டும்; தண்ணீர் ஒலியலையை வலுவிழக்கச் செய்யாமல் கடத்திவிடுவதால் வரும் வெளிச்சம் அது. மூன்றும் இருந்தால் உள்ளே இருப்பது தெளிந்த நீர். மறுபடி ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்க வேண்டியதில்லை. ஆக, உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது சோதித்துப் பார்த்து எழுதிய ஒரு முடிவு.

அப்படியானால் எழுதாமல் விட்டால் என்ன என்பதற்கு, எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். 58 வயது அம்மா ஒருவர் இடுப்பு வலியோடு வந்தார். சிறுநீரகக் கல்லைத் தேடி, படத்தில் உறுப்புகளைத் துலக்கிக் காட்ட நரம்பில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து இல்லாமல் சி.டி. எடுத்தோம். கல் இல்லை; இடது சிறுநீரகத்தின் கீழ்முனையில் 31 மி.மீ. அளவில் ஓர் உருண்டை இருந்தது. சி.டி.யில் அடர்த்தியை ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற அலகில் அளப்போம். தண்ணீர் 0, சாதாரண நீர்க்கட்டி 20-க்குள் அடங்கும். இவருக்கு 28. பழைய இரத்தம் கலந்த நீராகவும் இருக்கலாம், சதைக் கட்டியாகவும் இருக்கலாம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் எடுத்த அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டை அவர் மகன் கொண்டுவந்தார். சிறுநீரகங்கள் இயல்பாக இருக்கின்றன என்று ஒரே வரி. இந்த உருண்டை அன்று இல்லையா, இருந்தும் பொருட்படுத்தாமல் விட்டார்களா? அந்த வரியைப் படித்து எதையும் தெரிந்துகொள்ள முடியவில்லை. படங்களும் கிடைக்கவில்லை. எங்கள் அல்ட்ராசவுண்டில் கட்டிக்குள் மங்கலான புள்ளிகள் தெரிந்ததால் "சாதாரண" என்று எழுத எனக்குக் கை வரவில்லை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று அறிய இரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்து, கான்ட்ராஸ்ட் ஏற்றி மறுபடி சி.டி. எடுத்தோம். சதைக் கட்டியாக இருந்தால் மருந்தை உறிஞ்சி அடர்த்தி 20 அலகோ அதற்கு மேலோ ஏறியிருக்கும். இது 28-லிருந்து 30-க்குத்தான் போனது. அந்த இரண்டு அலகு கணக்கில் வராது. உள்ளே சுவரோ முடிச்சோ இல்லை. சிறுநீரக நீர்க்கட்டிகளை ஆபத்தின் அளவுப்படி பிரிக்கும் போஸ்னியாக் வகைப்பாட்டில் இரண்டாம் வகை, கண்காணிப்பு தேவையில்லாதது.

அந்த முடிவு வரும்வரை மூன்று நாள் அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்று மகன் சொன்னார். பழைய ரிப்போர்ட்டில் "இடது கீழ்முனை, 30 மி.மீ." என்று மட்டும் இருந்திருந்தால், நான்கு ஆண்டுகளாக வளராத கட்டி என்று முதல் நாளே சொல்லியிருப்பேன். கான்ட்ராஸ்ட் தேவைப்பட்டிருக்காது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் அவ்வளவு பயத்தோடு வீடு திரும்பியிருக்க மாட்டார்கள்.

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கும் இடம் ஒன்று உண்டு. எங்களில் பலர் ரிப்போர்ட்டின் கடைசியில் வரும் முடிவுரைப் பகுதியில் "வலது சிறுநீரக நீர்க்கட்டி" என்று மொட்டையாக எழுதி நிறுத்திவிடுகிறோம். நோயாளி முதலில் படிப்பது அந்தப் பகுதியைத்தான். கட்டி என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் என்ன பொருள் என்று எங்களுக்குத் தெரியாதா? அளவையும் இடத்தையும் விவரப் பகுதியில் எழுதி, "தீங்கற்றது, தொடர் ஸ்கேன் தேவையில்லை" என்று சேர்க்க அரை நிமிடம் போதும். அதைச் செய்யாதது எங்கள் தவறு.

ஒன்றை மட்டும் நீங்களே சரிபாருங்கள். கட்டி ஒன்றுதானா, இரண்டு சிறுநீரகங்களிலும் பலவா? பல இருந்து, பெற்றோரிலோ உடன்பிறந்தவர்களிலோ யாருக்காவது சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் வரை போயிருந்தால், அது பரம்பரையாக வரும் நீர்க்கட்டி நோயாக இருக்கலாம். சிறுநீரக மருத்துவரைப் பார்க்க வேண்டும். தடித்த சுவர், உள் தடுப்புகள், சதைப் பகுதி என்ற சொற்கள் ரிப்போர்ட்டில் இருந்தாலும் அது வேறு கதை. உங்களுடையது ஒற்றைக் கட்டி, "சாதாரண" என்றும் இருக்கிறது என்றால், ரிப்போர்ட்டைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் காரணத்துக்காக அடுத்த வயிற்று ஸ்கேன் எடுக்கப் போனாலும், மேஜையில் படுப்பதற்கு முன் அதைக் காட்டுங்கள்.