மேலட் ஃபிங்கர்: ஸ்பிளின்ட்டை இடையில் கழற்றிவிட்டேன்

"கிரிக்கெட் பந்து பட்டு மோதிரவிரல் நுனி தொங்கிவிட்டது. ஸ்பிளின்ட் போட்டு நாலு வாரம். நேற்று குளிக்கும்போது கழற்றினேன், நுனி மடங்கிவிட்டது. இன்னும் இரண்டு வாரம் போதுமா?"

போதாது. நேற்றிலிருந்து கணக்கை மறுபடி தொடங்குங்கள்: 6 முதல் 8 வாரம், இரவும் பகலும். அப்புறம் சில வாரம் தூங்கும்போது மட்டும்.

விரலை நீட்டும் தசைநாண் நுனி எலும்பில் போய் ஒட்டும் இடத்தில் மெல்லிய பட்டைதான். அறுந்த இடத்தை இணைக்கும் புதுத் தழும்பு, நுனி ஒருமுறை மடங்கினாலே இழுபட்டு நீண்டுவிடும். தோலைத் துடைக்கக் கழற்றினால், உள்ளங்கை கீழே இருக்கும்படி விரலை மேசையில் தட்டையாக வைத்துக்கொண்டே கழற்றுங்கள். நுனி தொங்கவே கூடாது.

ஸ்பிளின்ட்டோடேயே நடு மூட்டை மடக்கி நீட்டிப் பாருங்கள். அது தாராளமாக அசைய வேண்டும். முழுதாக நீளாமல் வளைந்தே நின்றால், அந்த மூட்டை நீட்டும் நடுப்பட்டையும் அறுந்திருக்கலாம். விட்டால் நடு மூட்டு மடங்கி நுனி பின்னால் வளையும் பூட்டனியர் கோணலாகிவிடும். அதற்கு வைத்தியம் நேரெதிர்: நடு மூட்டை நேராகக் கட்டி, நுனியை மடக்க விடுவார்கள். இப்போதைய ஸ்பிளின்ட் அதற்கு உதவாது.

எக்ஸ்ரே எடுக்கவில்லையென்றால் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். பெரிய எலும்புத் துண்டு பெயர்ந்திருந்தாலோ மூட்டு விலகியிருந்தாலோ அறுவை சிகிச்சை தேவைப்படலாம். கை அறுவை நிபுணரிடம் காட்டுங்கள். நுனி மூட்டின் மேலுள்ள தோல் வெளுத்தால் ஸ்பிளின்ட் நுனியை அளவுக்கு மீறிப் பின்னால் வளைக்கிறது என்று அர்த்தம், உடனே மாற்றச் சொல்லுங்கள்.