நாற்பது நிமிடக் கோலம், இருபது நொடி வீடியோ

'சிக்குக் கோலம், படிப்படியாக' என்ற விளம்பரத்தை நம்பி 350 ரூபாய் கட்டினேன். வந்தது 20 நொடி டைம்லாப்ஸ். 15-8 ஊடுபுள்ளி. கால் வேகத்தில் ஓட்டியும் எந்த இழை முதலில் வந்தது என்று பிடிபடவில்லை. எனக்குத்தான் கண் போதவில்லையா?
– வாசகி, கும்பகோணம்

உங்கள் கண்ணில் ஒரு குறையும் இல்லை, அம்மா. நீங்கள் தேடுவது அந்த வீடியோவிலேயே கிடையாது.

நடு வரிசையில் 15, இரு பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8 என்றால் மொத்தம் 169 புள்ளி. போட்டு முடிக்க 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம், அதாவது 2,400 நொடி. வீடியோ 20 நொடி, நொடிக்கு 30 படம் என்றால் அதில் இருப்பது 600 படம்தான். நான்கு நொடிக்கு ஒன்று! பழகிய கை அந்த நான்கு நொடியில் இரண்டு மூன்று வளைவு போட்டுவிடும். வேகத்தைக் குறைத்தால் ஒவ்வொரு படமும் திரையில் அதிக நேரம் நிற்குமே தவிர, எடுக்காத படம் திரும்பி வராது.

பல வருடமாக இது என் மனதை அறுக்கிறது. டைம்லாப்ஸ் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது பாடம் ஆகாது. அதைப் 'படிப்படியாக' என்று சொல்லிக் காசு வாங்குவது ஏமாற்றுவேலை. விளம்பரத்தையும் பணம் கட்டிய ரசீதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு விற்றவருக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள்.

ஒரு நிமிட வீடியோ, 7-1 நேர்ப்புள்ளி. போட்டவர் ஆறு நிமிடம் ஆனது என்கிறார். இதிலிருந்து படிகளை எழுதி எடுக்க முடியுமா?
– வாசகர், திண்டுக்கல்

முடியும். ஆறு மடங்கு வேகம்தான், ஒவ்வொரு வளைவுக்கும் சில படங்களாவது இருக்கும்.

முதலில் கடைசிப் படத்தில் நிறுத்துங்கள். சிக்குக் கோலத்தில் புள்ளி மறையாது, அதனால் எண்ணிவிடலாம். 1, 3, 5, 7, 5, 3, 1 என்று 25 வர வேண்டும். தாளில் அதே புள்ளிகளை வைத்து மேலிருந்து எண் போடுங்கள். நடு வரிசை 10 முதல் 16 வரை, மையம் 13.

அப்புறம் முடிவிலிருந்து பின்னோக்கி வாருங்கள். முழுக் கோலம் கண்முன் இருப்பதால், ஒவ்வொரு படத்திலும் எந்த வளைவு காணாமல் போகிறது என்பது சுலபமாகத் தெரியும். '10-ஐச் சுற்றித் திரும்பி, 10-க்கும் 11-க்கும் நடுவே தன்னையே வெட்டுகிறது' என்று எண்ணை வைத்தே எழுதுங்கள். எல்லாம் எழுதியபின் அந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பினால் படிகள் கிடைத்துவிடும்.

பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கை எடுத்த இடமெல்லாம் புது இழை அல்ல. விரலில் மாவு தீர்ந்து, மறுபடி எடுத்து, விட்ட இடத்திலேயே தொடர்ந்திருக்கலாம். அங்கே கோடு கொஞ்சம் தடித்துத் தெரியும். கை வேறு புள்ளிக்குத் தாவினால் அதைத் தனிப் படியாக எழுதுங்கள். தாவியதை வைத்து இழை வேறு என்று முடிவு கட்டாதீர்கள். நான்கு பக்கமும் ஒரே மாதிரி வளைவைப் போட்டுவிட்டுக் கடைசியில் இணைப்பவர்கள் நிறையப் பேர். எத்தனை இழை என்பதைத் தாளில் பென்சிலால் ஓட்டித்தான் சொல்ல முடியும்.

வீடியோவைப் படம் படமாக நகர்த்த 999 ரூபாய்க்கு ஒரு செயலி வருகிறது. வாங்கலாமா?
– வாசகி, சேலம்

வேண்டாம். கணினியில் யூடியூபை நிறுத்திவிட்டு `.` தட்டினால் ஒரு படம் முன்னே போகும், `,` தட்டினால் பின்னே வரும்.

மாமியார் போடும் கோலத்தைப் பதிவு செய்ய ஸ்டாண்டு வாங்கினேன். போன் கனம் தாங்காமல் சாய்கிறது. பில்லைத் தூக்கிப் போட்டுவிட்டேன். எதிரில் வைத்து எடுத்ததால் கோலமும் தலைகீழாக இருக்கிறது.
– வாசகர், மதுரை

பில்லை ஏன் தூக்கிப் போட்டீர்கள்? எத்தனை கிராம் தாங்கும் என்று வாங்குமுன் பார்த்தீர்களா? ஆன்லைனில் வாங்கியிருந்தால் ஆர்டர் பக்கத்தில் ரசீது இருக்கும், இன்றே எடுங்கள். கடையில் வாங்கியதென்றால் பணம் செலுத்திய குறுஞ்செய்தியைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள்.

நானும் ஏழடி ஸ்டாண்டு ஒன்று வாங்கினேன். ஸ்டாண்டின் கையை நீட்டியதும் அது போனோடு கவிழ்ந்து, என் பெரியம்மா பாதி போட்டிருந்த கோலத்தின் மேலேயே விழுந்தது. அவர் அன்று மறுபடி உட்காரவில்லை. அந்தக் கோலத்தின் மீதிப் பாதி எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

தலைகீழ் பெரிய சிக்கல் இல்லை, வீடியோவை அரைச்சுற்று திருப்பினால் போதும். சாய்வாக எடுத்ததுதான் கெடுதல், தூரத்து வரிசைகள் நெருங்கி ஒட்டிவிடும். முதல் மாடியிலிருந்து நேர் கீழே பார்த்து எடுங்கள். விடிந்தபின் எடுங்கள், இருட்டில் கை நகர்வது கலங்கிவிடும். டைம்லாப்ஸில் எடுக்காமல் சாதாரண வீடியோவாக, மாமியார் முதல் புள்ளி வைக்குமுன்பே பதிவை ஓடவிடுங்கள். வேகத்தைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம்.