இஷ்க், தர்த், சுகூன் போன்ற உருதுச் சொற்களைத் தமிழில் பெயர்த்தால் ஏன் சப்பென்று ஆகிவிடுகிறது?

நான் வளர்ந்தது ஆம்பூரில், உருது பேசும் குடும்பங்களுக்கு நடுவே. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். அகராதிப் பொருள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்தச் சொல்லின் சொந்தபந்தங்கள்தான் கூட வருவதில்லை.

உருதுக் கவிஞர் காலிப்பின் ஒரு ஷேர், அதாவது ஈரடிக் கவிதை:

இஷ்க் ஸே தபீயத் நே ஸீஸ்த் கா மஸா பாயா
தர்த் கீ தவா பாயீ, தர்த்-ஏ-பேதவா பாயா

காதலால் மனம் வாழ்வின் சுவையைக் கண்டது. வலிக்கு மருந்து கிடைத்தது, மருந்தில்லாத வலியும் கிடைத்தது. பொருளில் பிழையில்லை, ஆனால் படித்தால் ஒன்றும் ஆவதில்லை.

முதலில் தர்த். உருதுவில் ஹம்தர்த் என்றால் வலியில் உடனிருப்பவர், பரிவுள்ளவர். பேதர்த் என்றால் சொல்லுக்குச் சொல் 'வலி இல்லாதவர்'. ஆனால் பொருள் கல்நெஞ்சக்காரர். நம் தமிழில் வலி இல்லாதவர் கொடுத்து வைத்தவர். அங்கே தர்த் இருப்பதுதான் மனம் இருப்பதற்கே அடையாளம். அதனால் மருந்தில்லாத தர்த் கிடைத்தது என்று காலிப் சொல்லும்போது அதில் புலம்பலோடு ஒரு நிறைவும் கேட்கிறது. 'வலி' என்று எழுதியதும் அந்த நிறைவு போய்விடுகிறது.

எனக்கு இதற்கு நெருக்கமாகப் படுவது 'நோய்'. குறள் 1102-ஐப் பாருங்கள்: 'பிணிக்கு மருந்து பிறமன் அணியிழை தன்நோய்க்குத் தானே மருந்து.' பிணிக்கு மருந்து வேறாக இருக்கும், இவள் தந்த நோய்க்கோ இவளே மருந்து. காலிப்புக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நோயும் மருந்தும் ஒரே இடத்தில்! என்ன, இன்று நோய் என்றால் நமக்கு ஆஸ்பத்திரி வாசனைதான் வருகிறது.

இஷ்க்கும் அப்படித்தான். சூஃபி மரபில் மனிதர் மேல் வைப்பது இஷ்க்-ஏ-மஜாஸி, இறைவன் மேல் வைப்பது இஷ்க்-ஏ-ஹகீகி. இரண்டுக்கும் சொல் ஒன்றே, ஒரு ஷேர் எதைச் சொல்கிறது என்று கவிஞர் பெரும்பாலும் உடைத்துச் சொல்வதில்லை. நாம் காதல் என்றால் பாதி போய்விடும், பக்தி என்றால் மறுபாதி போய்விடும். 'காதலாகிக் கசிந்து' என்று சம்பந்தர் பாடிய காலத்தில் நம் சொல்லுக்கும் அந்த அகலம் இருந்தது.

அப்புறம் சுகூன். அரபி எழுத்தில் உயிரொலி இல்லாத மெய்யின் மேல் ஒரு சிறு வட்டம் போடுவார்கள், நம் புள்ளி மாதிரி. அதன் பெயரும் சுகூன்தான். உயிரொலி ஏறிய எழுத்து அவர்கள் கணக்கில் 'அசைவது', ஏறாதது 'அசையாமல் நிற்பது'. ஆக, இந்தச் சொல்லில் அலைச்சல் நின்ற உணர்வு இருக்கிறது. 'அமைதி' என்று போட்டால் சத்தம் இல்லாதது மட்டும்தான் மிஞ்சும்.

எங்கள் பக்கத்து வீட்டு நானி கோடையில் கரன்ட் போனால் விசிறிமட்டையோடு திண்ணைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருப்பார். கரன்ட் வந்து ஃபேன் கடகடவென்று சுற்றத் தொடங்கியதும் மட்டையைக் கீழே வைத்துவிட்டு, 'சுகூன்' என்பார். வீட்டில் அப்போதுதான் சத்தம் அதிகம்.