டி-ஷர்ட்டுக்கு ரேட் சொல்லும் முன் என்ன கேட்பது?

*கேள்வி: திருப்பூரில் சின்னதாக டி-ஷர்ட் யூனிட் வைத்திருக்கிறேன். "200 டி-ஷர்ட் வேணும், லோகோ போடணும், ரேட் எவ்வளவு?" என்று மட்டும் வாட்ஸ்அப்பில் வருகிறது. விவரம் கேட்டால் பாதிப் பேர் பதிலே போடுவதில்லை. எப்படிக் கேட்பது?*

பதில் தெரியாத கேள்வியைப் பார்த்தால் யாரும் ஒதுங்கத்தான் செய்வார்கள். "ஜிஎஸ்எம் எவ்வளவு?" என்றால் காலேஜ் விழாவுக்கு டி-ஷர்ட் தேடுகிற பையனுக்கு என்ன தெரியும்? ரேட்டை மாற்றும் விஷயங்களை மட்டும் கேளுங்கள். ஒரு வார்த்தையிலோ ஒரு போட்டோவிலோ பதில் சொல்லும்படி கேளுங்கள்.

ரேட்டை அதிகம் ஆட்டுவது பிரிண்ட். ஸ்கிரீன் பிரிண்டில் ஒவ்வொரு கலருக்கும் தனி ஸ்கிரீன். முன்பக்கம் மூன்று கலர், பின்பக்கம் ஒரு கலர் என்றால் நான்கு ஸ்கிரீன். ஒன்றுக்கு 500 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 2,000. 200 பீஸுக்கு அது பீஸுக்குப் பத்து ரூபாய். அவரே கடைசியில் 50 போதும் என்றால் நாற்பது. கறுப்புத் துணியில் கலர் எடுப்பாகத் தெரிய அடியில் வெள்ளை பேஸ் அடிக்க வேண்டும், அதற்கு இன்னொரு ஸ்கிரீன். போட்டோ மாதிரி கலர் கலந்து வரும் டிசைனாக இருந்தால் டிடிஎஃப் பக்கம் போக வேண்டியிருக்கும். அதில் டிசைனின் அளவை வைத்துத்தான் காசு. ஆகவே லோகோவைப் பார்க்காமல் பிரிண்ட் ரேட் சொல்லவே கூடாது.

அடுத்தது துணியும் கலரும். 180 ஜிஎஸ்எம் ரவுண்ட் நெக், எல் சைஸ் ஒன்றுக்கு கட்டிங் வேஸ்ட் சேர்த்து சுமார் 220 கிராம் துணி போகும். 200 பீஸுக்கு ஏறக்குறைய 44 கிலோ. இவ்வளவு சின்ன லாட்டைத் தனியாகச் சாயம் போட்டால் கிலோவுக்கான கூலி ஏறிவிடும், எல்லா டையிங்கிலும் எடுக்கவும் மாட்டார்கள். ரெடி ஸ்டாக் கலரில்தான் முடிக்க வேண்டும். "புளூ" என்று அவர் சொன்னதை நேவி என்று நீங்கள் எடுத்துக்கொள்ள, அவர் மனதில் ராயல் புளூ இருந்தால் மொத்த லாட்டும் திரும்பி வரும். உங்கள் ஷேடு கார்டின் போட்டோவை அனுப்பி நம்பரைச் சொல்லச் சொல்லுங்கள். போனுக்குப் போன் கலர் மாறித் தெரியும் என்பதால் ஆர்டர் உறுதியானதும் துணித் துண்டு ஒன்றையும் அனுப்பிவிடுவது நல்லது.

இப்படி ஒரு பதில் போதும்:

> வணக்கங்க. இதுக்குப் பதில் போட்டீங்கன்னா இன்னைக்கே ரேட் அனுப்பிடறேன்.
> 1. ரவுண்ட் நெக்கா, காலர் வெச்சதா? (ரெண்டு போட்டோவும் கீழ இருக்கு)
> 2. எதுக்குங்க: ஒரு நாள் விழாவுக்கா, தினமும் வேலைக்குப் போடவா?
> 3. கலர்: கார்டுல எந்த நம்பர்? ஒரே கலரா, எத்தனை கலர்ல எத்தனை பீஸ்?
> 4. லோகோவ டாக்குமெண்டா அனுப்புங்க. நெஞ்சுலயா, முதுகுலயா, எத்தனை இஞ்ச் அகலம்?
> 5. குழந்தைங்க சைஸ், எக்ஸ்எக்ஸ்எல், அதுக்கு மேல ஏதாவது இருக்குங்களா? சுமாரா எத்தனை?
> 6. என்னைக்குக் கையில வேணும், எந்த ஊருக்கு?

இரண்டாவது கேள்வியில்தான் ஜிஎஸ்எம் ஒளிந்திருக்கிறது. ஒரு நாள் விழா என்றால் 160 போதும். தினமும் துவைத்துப் போடுவது என்றால் 180, காலர் என்றால் 220 பக்கம் சொல்லலாம். லோகோவை டாக்குமெண்டாகக் கேட்பதற்கும் காரணம் உண்டு. சாதாரண படமாக வந்தால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், பத்து இஞ்சுக்குப் பெரிதாக்கும்போது ஓரமெல்லாம் கலங்கும். கோரல்ட்ரா ஃபைலோ பிடிஎஃப்போ இல்லையென்றால் டிசைனைத் திரும்ப வரைய வேண்டும், அந்தக் கூலியை ரேட்டில் தனி வரியாகப் போடுங்கள். ஆறாவதில் "என்னைக்கு விழா" என்று கேட்காதீர்கள். விழாவுக்கு முதல் நாள் பார்சல் வந்து, சைஸ் மாறியிருந்தால் சரிசெய்ய நேரமே இருக்காது.

பாதிப் பதில்தான் வந்தது என்றால் மறுபடி துருவாமல், உங்கள் அனுமானத்தை எழுதியே ரேட் கொடுத்துவிடுங்கள்: "ரவுண்ட் நெக், 180 ஜிஎஸ்எம் காட்டன், ரெடி ஸ்டாக் நேவி, நெஞ்சில் ஒரு கலர் பிரிண்ட், எஸ் முதல் எக்ஸ்எல் வரை, 200 பீஸ், ஜிஎஸ்டியும் லாரி வாடகையும் தனி, ஏழு நாள் வரை இந்த ரேட்." எக்ஸ்எக்ஸ்எல்லுக்குக் கூடுதல் எவ்வளவு, இன்னொரு கலர் சேர்த்தால் எவ்வளவு என்பதையும் கீழேயே போட்டுவிடுங்கள். பெரிய சைஸில் துணி அதிகம் போகும்; அதை முதலிலேயே எழுதாவிட்டால் சைஸ் லிஸ்ட் வரும் நாளில்தான் பேரம் ஆரம்பிக்கும். சுமாராக ஒரு ரேட் சொல்லுங்க என்று போனிலேயே பிடிவாதம் பிடிப்பவரிடமும் இதே வரியைச் சொல்லிவிட்டு, அதையே வாட்ஸ்அப்பிலும் போட்டுவிடுங்கள். வெறும் எண்ணை மட்டும் சொன்னால் அவர் அதை அடுத்த யூனிட்டின் 140 ஜிஎஸ்எம் ரேட்டோடு ஒப்பிட்டுக்கொண்டிருப்பார்.