‘இயன்றவரை தவிர்க்கவும்’ என்றால் எதுவரை?

கேள்வி: எங்கள் செய்தி நிறுவனத்தின் நெறிமுறைக் கையேட்டில், “பெயர் குறிப்பிடாத ஆதாரங்களை இயன்றவரை தவிர்க்க வேண்டும். தகவல் தருபவரின் ரகசியம் காக்கப்பட வேண்டும்” என்று இரண்டே வரிகள் உள்ளன. டெஸ்க்கில் தகராறு வரும்போதெல்லாம் இரு தரப்பும் இதே வரிகளைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். இந்தப் பகுதியைத் திருத்தி எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பதிப்பு முடிகிற நேரத்தில் எடுத்துப் பார்த்தால் பதில் கிடைக்கும்படி எழுதுவது எப்படி?
– துணை ஆசிரியர் ஒருவர்

பதில்: எழுத உட்காரும் முன், கடந்த ஓராண்டில் உங்கள் டெஸ்க்கில் இந்த விஷயத்தில் எழுந்த தகராறுகளில் ஐந்தாறை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் உண்மையில் எந்தக் கேள்விக்குப் பதில் தேவைப்பட்டது என்று ஒரு வரியில் குறித்து வையுங்கள். அநேகமாக நான்கு கேள்விகளில் எல்லாம் அடங்கிவிடும். இவருடைய பெயரை மறைக்கலாமா? மறைப்பதாக வாக்குக் கொடுக்கும் அதிகாரம் யாருக்கு? அலுவலகத்தில் வேறு யாருக்கு அந்தப் பெயர் தெரிய வேண்டும்? செய்தியில் அவரை எப்படிக் குறிப்பிடுவது? இப்போதுள்ள இரண்டு வரிகளும் இவற்றில் ஒன்றுக்குக்கூடப் பதில் சொல்வதில்லை. புதிய பகுதி இந்த நான்கையும் இதே வரிசையில் சொன்னால் போதும்.

முதல் கேள்விக்கு ‘இயன்றவரை’ என்ற சொல் உதவாது. அவசரத்தில் இருக்கும் நிருபருக்கு எப்போதும் ‘இயலவில்லை’. எச்சரிக்கையான ஆசிரியருக்கு எப்போதும் ‘இயலும்’. அந்த இடத்தில் சரிபார்க்கக்கூடிய நிபந்தனைகள் வர வேண்டும். ஏபி செய்தி நிறுவனம் நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கும் விதி நல்ல முன்மாதிரி: கிடைப்பது தகவலாக இருக்க வேண்டும், கருத்தாகவோ ஊகமாகவோ இருக்கக் கூடாது, பெயரை மறைத்தாலொழிய அது கிடைக்காது என்ற நிலை இருக்க வேண்டும், சொல்பவர் நம்பகமானவராக, அந்த விஷயத்தைத் துல்லியமாக அறியும் இடத்தில் இருப்பவராக இருக்க வேண்டும். இவற்றோடு நான்காவதாக ஒன்றையும் சேருங்கள்: பெயர் வந்தால் அவருக்கு நேரக்கூடிய பாதிப்பு என்ன என்று நிருபரால் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். வேலை போகும், வழக்கு வரும், அடி விழும் என்பவை பாதிப்புகள். மேலதிகாரியிடம் சங்கடமாக இருக்கும் என்பது பாதிப்பு ஆகாது.

இதை ஒரு வழக்கில் வைத்துப் பார்ப்போம். ஒரு மருத்துவமனையின் பொருள் கிடங்கில் வேலை பார்ப்பவர் நிருபரிடம் இரண்டு விஷயங்கள் சொல்கிறார். ஒன்று, கருவிகள் வந்து சேரும் முன்பே ‘பெற்றுக்கொண்டோம்’ என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, நிறுவனத்துக்குப் பணம் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்தும் வைத்திருக்கிறார். இரண்டாவது, கண்காணிப்பாளர் இதில் கமிஷன் வாங்கியிருக்கிறார், அவர் எப்போதுமே அப்படித்தான். பழைய வரிகளை வைத்துக்கொண்டு செய்தி முழுவதையும் போடலாம் என்றும் வாதாடலாம், முழுவதையும் நிறுத்தலாம் என்றும் வாதாடலாம். புதிய நிபந்தனைகள் செய்தியை இரண்டாகப் பிரித்துவிடும். பதிவேடு அவர் நேரில் கையாண்டது, தேதி உள்ளது, ஆவணம் இருக்கிறது, வேலை போகும் ஆபத்தும் உண்மையானது. ஆகவே பெயரை மறைக்கலாம். கமிஷன் அவர் பார்த்ததல்ல, கேள்விப்பட்டது. ‘எப்போதுமே அப்படித்தான்’ என்பது கருத்து. இவற்றுக்குப் பெயர் மறைப்பு கிடையாது. கமிஷன் விவகாரம் விசாரிக்க வேண்டிய ஒரு துப்பு மட்டுமே, இன்றைய செய்தியில் அதற்கு இடமில்லை.

இந்த இடத்தில் பலரும் ‘இரண்டு ஆதாரங்கள் கட்டாயம்’ என்று ஒரு வரி போட்டுவிட்டு நிம்மதி அடைவார்கள். அந்த வரி தனியாக நின்றால் ஆபத்து. கிடங்கு ஊழியர் சொன்னதைக் கேட்ட கணக்குப் பிரிவு நண்பர் அதையே திருப்பிச் சொன்னால், எண்ணிக்கை இரண்டு, ஆதாரம் ஒன்று. ஆகவே விதியை இப்படி எழுதுங்கள்: “இரண்டாவது நபருக்கு இந்தத் தகவல் எப்படித் தெரியும் என்று நிருபர் கேட்டுக் குறித்திருக்க வேண்டும். முதல் நபர் வழியாகத் தெரிந்திருந்தால் அது தனி ஆதாரமாகக் கணக்கில் வராது. நம்பகத்தன்மை சரிபார்க்கப்பட்ட மூல ஆவணம் ஒரு தனி ஆதாரம்.”

வாக்குக் கொடுக்கும் அதிகாரம்தான் கையேடுகள் பெரும்பாலும் மௌனமாக இருக்கும் இடம். அந்த மௌனத்தின் விலை 1982-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் தெரிந்தது. டான் கோஹன் என்ற தேர்தல் பிரசார ஆலோசகர், எதிரணி வேட்பாளர் ஒருவரைப் பற்றிய பழைய நீதிமன்ற ஆவணங்களை, தன் பெயர் வரக் கூடாது என்ற நிபந்தனையோடு நிருபர்களிடம் கொடுத்தார். நிருபர்கள் ஒப்புக்கொண்டார்கள். இரண்டு நாளிதழ்களின் ஆசிரியர்கள், கொடுத்தவர் யார் என்பதும் வாசகருக்குத் தெரிய வேண்டிய செய்திதான் என்று முடிவு செய்து அவர் பெயரை வெளியிட்டார்கள். அன்றே அவருக்கு வேலை போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வாக்கை மீறியதற்காக நஷ்டஈடு கேட்பதைப் பத்திரிகைச் சுதந்திரம் தடுக்காது என்று 1991-இல் தீர்ப்பு வந்தது. ஆசிரியர்களின் வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதை வாக்குக் கொடுக்கும் முன் பேசியிருக்க வேண்டும்.

அதனால் உங்கள் கையேட்டில், நிருபர் தானாகக் கொடுக்கக்கூடிய வாக்கு எது, ஆசிரியரைக் கேட்டே கொடுக்க வேண்டியது எது என்று பிரித்து எழுதுங்கள். நிருபர் சொல்ல வேண்டிய வாக்கியத்தையே கொடுத்துவிடுவது இன்னும் நல்லது: “உங்கள் பெயரைச் செய்தியில் போடாமல் இருக்க முயல்கிறேன். அதை முடிவு செய்ய வேண்டியவர் என் ஆசிரியர். அவரிடம் உங்கள் பெயரைச் சொல்வேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் நீங்கள் சொன்னதைப் பயன்படுத்த மாட்டோம்.” ஆசிரியர் ஒப்புக்கொண்டபின் கொடுத்த வாக்கு நிறுவனத்தின் வாக்கு, பிறகு ஆசிரியர் மாறினாலும் அது நிற்கும் என்பதையும் எழுதிவிடுங்கள்.

பேசி முடித்துவிட்டு ‘இதை என் பேர்ல போட்டுடாதீங்க’ என்று சொல்பவர்களுக்கும் விதி வேண்டும். ஊடகத்தோடு பழகிய அமைச்சர், அதிகாரி, நிறுவனச் செய்தித் தொடர்பாளர் ஆகியோருக்கு நிபந்தனை முன்கூட்டியே பேசப்பட்டிருந்தால்தான் செல்லும். பத்திரிகையோடு ஒருநாளும் பேசிப் பழக்கமில்லாத கிடங்கு ஊழியருக்கு அதே கண்டிப்பைக் காட்டக் கூடாது. அவர் சொன்னதை வெளியிடும் முன் ஒருமுறை கேட்டு, அவர் விருப்பத்தை மதிக்க வேண்டும். இந்த வேறுபாட்டை வெளிப்படையாக எழுதாவிட்டால், பலம் உள்ளவருக்குச் சலுகையும் இல்லாதவருக்கு விதியுமாக நடைமுறை தலைகீழாகிவிடும்.

பெயர் யாருக்குத் தெரிய வேண்டும் என்பதற்கு ‘குறைந்தது ஓர் ஆசிரியருக்கு’ என்பதே பதில். 1980-இல் வாஷிங்டன் போஸ்ட்டில் ஜேனட் குக் எழுதிய, ஹெராயினுக்கு அடிமையான எட்டு வயதுச் சிறுவனின் கதை இதற்குப் பாடம். ரகசியம் காக்க வேண்டும் என்ற காரணத்தால் சிறுவன் யார் என்று ஆசிரியர்கள் வற்புறுத்திக் கேட்கவில்லை. அந்தக் கட்டுரைக்கு 1981-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அப்படி ஒரு சிறுவனே இல்லை என்று தெரிந்தபின் பரிசு திருப்பித் தரப்பட்டது. ‘ரகசியம் காக்கப்பட வேண்டும்’ என்ற உங்கள் வரியும் யாரிடமிருந்து காக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

செய்தியில் எப்படிக் குறிப்பிடுவது என்ற பகுதிக்கு அதிக இடம் கொடுங்கள்; தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான். ‘நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவித்தன’ என்பதைத் தடை செய்யுங்கள். பேசியவர் ஒருவர் என்றால் பன்மை பொய். 2005-இல் நியூஸ்வீக் இதழ், குவாண்டனாமோ சிறையில் குர்ஆன் அவமதிக்கப்பட்டதாக வெளியிட்ட சிறு செய்தியில் பன்மையில்தான் ஆதாரம் காட்டியது. பின்னால் நின்றவர் பெயர் வெளியிடப்படாத ஒரே அதிகாரி. அவர் தான் சொன்னதில் உறுதியாக இல்லை என்றானபோது இதழ் செய்தியைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

துல்லியம் கூடினால் ஆளைக் காட்டிக்கொடுக்கும் ஆபத்தும் கூடும். நம் கிடங்கு ஊழியரை ‘கொள்முதல் பதிவேட்டைக் கையாளும் ஊழியர்’ என்று எழுதினால், அந்த மருத்துவமனையில் அப்படி மூன்று பேர்தான் இருக்கக்கூடும். ஆகவே விதியில் ஒரு சோதனையை வையுங்கள்: “இந்த விவரிப்புக்குள் எத்தனை பேர் வருவார்கள், அந்த நிறுவனத்துக்குள் இருப்பவர் படித்தால் எத்தனை பேரைச் சந்தேகிப்பார் என்று நிருபர் ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். சந்தேக வட்டம் சிறிதானால் விவரிப்பை விரிக்க வேண்டும், பொய்யாக்கக் கூடாது.” ‘மருத்துவமனையின் உள் ஆவணங்களை நேரில் பார்த்த ஒருவர்’ என்பது விரித்தது. ‘மூத்த மருத்துவர் ஒருவர்’ என்பது பொய். பதிவேட்டுப் படத்தை அப்படியே அச்சிடுவதும் பெயரை அச்சிடுவது போலத்தான். எடுத்த கோணமும் பக்கத்தின் ஓரக் குறிப்பும் அறிந்தவருக்கு ஆளைச் சொல்லிவிடும்.

பலர் யோசிக்காத கசிவு ஒன்று உண்டு. கண்காணிப்பாளரிடம் பதில் கேட்கும்போது ‘உங்கள் பதிவேட்டின் இந்தப் பக்கத்தில்’ என்று தொடங்கினால், படம் எடுத்தவரை அவர் அன்று மாலையே கண்டுபிடித்துவிடுவார். “கருவிகள் எந்தத் தேதியில் வந்தன, பணம் எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது?” என்று கேட்டால் குற்றச்சாட்டு முழுமையாக அவரிடம் போய்ச் சேரும், ஆதாரம் போகாது. இதையும் ஒரு வரியாகச் சேருங்கள்.

வரைவு முடிந்ததும், நீங்கள் குறித்து வைத்த பழைய தகராறுகளில் மூன்றை, முடிவைச் சொல்லாமல், நான்கைந்து பேரிடம் தனித்தனியாகக் கொடுங்கள். புதிய பகுதியை மட்டும் வைத்து முடிவெடுத்து, எந்த வாக்கியத்தை வைத்து எடுத்தார்கள் என்று அடிக்கோடிடச் சொல்லுங்கள். விடைகள் பிரிந்தால், அடிக்கோடிட்ட வாக்கியத்தைத் திருத்துங்கள். யாருமே அடிக்கோடிடாத வாக்கியம் பெரும்பாலும் அலங்காரம், அதை எடுத்துவிடலாம். ‘வேண்டும்’, ‘கூடாது’, ‘பொதுவாக’ என்ற மூன்றையும் கவனமாகப் பயன்படுத்துங்கள். ‘பொதுவாக’ வரும் இடத்திலெல்லாம், விலகும்போது யாரைக் கேட்பது, காரணத்தை எங்கே எழுதி வைப்பது என்பதும் அதே வாக்கியத்தில் வர வேண்டும்.

எந்த வாக்கியமும் தீர்த்துவைக்காத இடங்களும் உண்டு. தகவல் தந்தவர் தெரிந்தே பொய் சொன்னார் என்று பிறகு தெரிந்தால், வாக்கு நிற்குமா? வெளியிடலாம் என்போரும் எக்காரணத்திலும் கூடாது என்போரும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். எங்கள் கருத்து: தெரிந்தே சொன்ன பொய்க்குப் பாதுகாப்பு கிடையாது என்று எழுதலாம். ஆனால் வாக்குக் கொடுக்கும்போதே அவரிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டும். தவறாக அறிந்து சொன்னவரை இதில் சேர்க்கக் கூடாது. முடிவை நிருபரோ டெஸ்க்கோ எடுக்காமல் தலைமை ஆசிரியர் எடுக்க வேண்டும். நீதிமன்றம் பெயரைக் கேட்டால் நிறுவனம் எதுவரை துணை நிற்கும், வழக்கறிஞர் செலவு யாருடையது என்பதை உங்கள் நிர்வாகத்திடம் இப்போதே எழுத்தில் வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை, ‘எந்த நிலையிலும் வெளியிட மாட்டோம்’ என்ற வாக்கியத்தைக் கையேட்டில் சேர்க்காதீர்கள். நிருபர்கள் அதை நம்பி வெளியே போய் வாக்குக் கொடுத்துவிடுவார்கள்.